முன்நெற்றியில் லைன் போடுவது: ட்ரிம்மரைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் கடையில் உட்கார இடம் இருக்காது. ஓசூரில் கம்பெனி வேலைக்கும் பெங்களூருக்கும் போன பையன்கள் வாரக் கடைசியில் தருமபுரிக்கு வந்து இறங்குவார்கள். அவர்களில் பலருக்கு முடி வெட்ட வேண்டிய அவசியமே இருக்காது. “அண்ணா, முன்னாடி லைன் மட்டும் போட்டு விடுங்க” என்பார்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் கடையில் புதிதாகச் சேரும் தம்பிகள் அதிகம் தடுமாறுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். மேலே வெட்டிய முடி கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் சீப்பு மறைத்துவிடும். முன்நெற்றியில் ஒரு நெல்மணி அகலம் ஏறிப்போனால் எதிரே வருகிற எல்லோர் கண்ணிலும் படும்.

சலூனில் வேலை கற்றுக்கொள்பவர்களுக்கும், வீட்டில் தம்பிக்கோ நண்பனுக்கோ போட்டுவிட நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு பக்க மூலையிலிருந்து மறுபக்க மூலை வரை, நெற்றிக்கு மேலே போகும் கோடு மட்டும்தான் இங்கே பேச்சு. கிருதாவும் பின்கழுத்தும் வேறு கணக்கு.

கோடு ஏற்கனவே அங்கே இருக்கிறது

ட்ரிம்மரை எடுப்பதற்கு முன் ஒரு நெற்றியை நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். புருவத்துக்கு மேலே வெறும் தோல். அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூனைமுடி இருக்கும். அதற்கு மேலே ஒரு சின்னப் பட்டை. அங்கே முடி கொஞ்சம் கறுப்பாக, ஆனால் மெல்லியதாக, குட்டையாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். அதற்கும் மேலே போனால்தான் தடித்த, அடர்ந்த முடி தொடங்கும். அந்த அடர்த்தி தொடங்குகிற இடம்தான் கோடு. அதை நாம் வரைவதில்லை. அதற்கு வெளியே சிதறி நிற்கிற முடியை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தெரியவைக்கிறோம், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். லைன் போட்டு முடித்த பிறகு போர்த்திய துணியில் விழுந்திருப்பது இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு மெல்லிய துணுக்காக இருக்க வேண்டும். நீளமான, தடித்த முடி கொத்தாக விழுந்தால் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும்.

உள்ளே போனால் என்ன ஆகும்? தலைமுடி மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அடர்ந்த முடியை வழித்துவிட்டுப் பின்னால் கோடு போட்டால், அன்று மாலை கத்தி மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் அந்த வழித்த இடமெல்லாம் 1 மில்லிமீட்டர் முளைத்து, நெற்றியில் கரும்புள்ளிப் பட்டை தெரியும். அதை மறைக்க மறுபடி வழிக்க வேண்டும். மறுபடி வழிக்கும்போது யாராலும் அதே இடத்தில் நிறுத்த முடியாது, அரை மில்லிமீட்டராவது மேலே போகும். ஆறு தடவை இப்படிப் போனால் 3 மில்லிமீட்டர். நெற்றி பெரிதாகிவிட்டதே, முடி கொட்டுகிறதோ என்று பையன்கள் பயந்துகொண்டு வருவார்கள். பல நேரம் கொட்டியிருக்காது. தள்ளித் தள்ளிப் போட்ட லைன்தான் காரணமாக இருக்கும்.

நான் தொழில் பழகிய புதிதில் என் தம்பிக்கு லைன் போட்டேன். வலது பக்கம் கொஞ்சம் இறங்கித் தெரிந்தது, ஏற்றினேன். இப்போது இடது பக்கம் இறங்கித் தெரிந்தது, அதையும் ஏற்றினேன். நாலைந்து முறை இப்படி மாறி மாறிப் போய், கடைசியில் கண்ணாடியில் பார்த்தபோது நெற்றி ஒரு விரல் அகலம் மேலே போயிருந்தது. மறுநாள் அவனுக்குப் பரீட்சை. மூன்று வாரம் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தான், என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சமமாக்குகிறேன் என்று மாறி மாறி ஏற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கிற மிகப் பெரிய தவறு. அதைத் தவிர்க்கும் வழியைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உட்காரவைத்த பிறகு, தொடுவதற்கு முன்

முதலில் தலையை எப்படிச் சீவுவார் என்று கேளுங்கள். முடியை மேலே தூக்கியோ பின்னால் தள்ளியோ சீவுபவருக்குத்தான் முன்கோடு வெளியே தெரியும். முன்னால் நெற்றியில் விழவிட்டுக்கொள்பவருக்கு லைன் போட்டும் பயனில்லை, விழுந்த முடிக்குக் கீழே யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு பக்கம் வகிடு எடுப்பவர் என்றால் வகிடு இருக்கிற பக்கத்து மூலை நன்றாகத் தெரியும், எதிர்ப் பக்கம் பாதி மறைந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பக்கத்தில் அதிகக் கவனம் வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

அடுத்தது எண்ணெய். நம் ஊரில் அம்மா தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்பிய தலையோடுதான் பாதிப் பேர் வந்து உட்காருவார்கள். எண்ணெய்த் தலையில் முடி ஐந்தாறாகச் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், நெற்றித் தோலோடும் படிந்துவிடும். பிளேடு அதைப் பிடிக்காமல் வழுக்கும், விட்டுவிட்டு வெட்டும். ஷாம்பு போட்டுக் குளித்து, காய்ந்த தலையில் போடுவதுதான் சரி. நேரமில்லை என்றால் ஈரத் துணியால் நெற்றியையும் முன்முடியையும் துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றி, கொஞ்சம் முகப்பவுடர் தடவிக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போதும் வேண்டாம். ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் சுருங்கி இடம் மாறும்.

தோலைப் பாருங்கள். நெற்றி ஓரத்தில் சீழ்ப்பரு இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்த படர்தாமரை இருந்தால் ட்ரிம்மரை வைக்கவே கூடாது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அது பிளேடு வழியாகவே போகும். டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடுவதில் தப்பொன்றும் இல்லை.

வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். தலைக்கு மேலே ஒற்றை பல்பு தொங்கினால் முன்முடியின் நிழல் நெற்றியில் விழும், அந்த நிழலையே கோடு என்று கண் நம்பிவிடும். கடையில் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ட்யூப்லைட் இருந்தால் போதும். வீட்டில் என்றால் வாசலைப் பார்த்து உட்காரவைத்துப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

ட்ரிம்மர்

தலைமுடி வெட்டுகிற அகலமான கிளிப்பரால் லைன் போட முடியாது. பிளேடு ஆங்கில டி எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற ட்ரிம்மர் வேண்டும், கடைகளில் டி பிளேடு என்றே கேட்கலாம். இதில் வெளியே இருக்கும் பிளேடு அசையாது, உள்ளே இருப்பதுதான் பக்கவாட்டில் ஓடும். ஓடுகிற பிளேடின் பல் நுனி, அசையாத பிளேடின் நுனியைவிட ஒரு நூல் உள்ளடங்கி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்படி ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்தி வைத்தால் கோடு இன்னும் கூர்மையாக விழும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு இழை கூடிப்போனால் தோலைக் கிழித்துவிடும். கை பழகும்வரை கம்பெனியில் வைத்துக் கொடுத்த இடைவெளியைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் ஓடவிட்டு உங்கள் முன்கையின் உட்பக்கத்தில், தோல் மெல்லியதாக இருக்கும் இடத்தில், நுனியை லேசாக வைத்துப் பாருங்கள். குத்தினால், சுருக்கென்றால், அடுத்தவர் நெற்றிக்குப் போகக்கூடாது. பிளேடு சூடாக இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று பேருக்கு ஓட்டினால் பிளேடு சூடாகும். அந்தச் சூட்டோடு நெற்றியைத் தொட்டால் அரை மணி நேரத்தில் சிவந்து தடிக்கும்.

பிளேடுக்குத் தினமும் இரண்டு மூன்று சொட்டு ட்ரிம்மர் எண்ணெய் விட்டு, பத்து நொடி ஓடவிட்டு, வழிவதைத் துடைத்தால் போதும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் பிரஷ்ஷால் முடியைத் தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அது காயும்வரை காத்திருங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். போரிலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் பிளேடைக் கழுவினால் காய்ந்த பிறகு பல் இடுக்கில் வெள்ளையாகப் படியும். அப்புறம் பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். அதனால் தண்ணீரில் கழுவவே வேண்டாம், பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் போதும்.

தலையும் கையும்

தலை நேராக இருக்க வேண்டும், தாடை தூக்கவும் கூடாது, இறங்கவும் கூடாது. கண்ணாடியில் தன் கண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். போன் கையில் இருந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், போனைப் பார்ப்பவர் தலை அவருக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாயும்.

இன்னொன்று, புருவம். ட்ரிம்மர் சத்தம் நெற்றிக்குக் கிட்டே வந்ததும் பலர் தன்னையறியாமல் புருவத்தை உயர்த்துவார்கள். இப்போதே உங்கள் புருவத்தை உயர்த்தி, கையை முன்முடி தொடங்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், அந்தத் தோல் அசைவது தெரியும். புருவம் தூக்கியபோது நேராக வெட்டியது, இறக்கியதும் கோணலாகிவிடும். “கண்ணை லேசா மூடிக்கோங்க, மூச்சை விடுங்க” என்றால் நெற்றி தானாகத் தளர்ந்துவிடும்.

ட்ரிம்மரைப் பேனா பிடிப்பது போலப் பிடியுங்கள், கட்டைவிரலும் இரண்டு விரலும். சுண்டுவிரல் அவர் நெற்றியிலோ பக்கத்துத் தலையிலோ ஊன்றி இருக்கட்டும். அவர் திடீரென்று தும்மினாலும் தலையோடு சேர்ந்து உங்கள் கையும் நகரும், ஆகவே கோடு பிசகாது. ட்ரிம்மர் சுவரில் அடித்த ஆணி மாதிரி நெற்றியிலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்க வேண்டும், பல் நுனி மட்டும் தோலைத் தொட வேண்டும். தொட்டதும் ஒரு இழை கீழே, நெற்றிப் பக்கம் இழுத்து எடுத்துவிடுங்கள். எப்போதும் கோட்டிலிருந்து கீழ்நோக்கித்தான். நெற்றியிலிருந்து மேல்நோக்கி வழித்துக்கொண்டு போனால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது. தள்ளிப்போன லைன்களில் பெரும்பாலானவை அப்படிப் போனவைதான்.

நடுவிலிருந்து மூலைக்கு

முன்முடியை நெருக்கமான பல் சீப்பால் நெற்றியின் மேல் விழும்படி முன்னால் சீவுங்கள். கை வைத்து நீவாமல், அது விழுகிற திசையிலேயே விடுங்கள். இப்போது சீப்பை முடிக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். தடித்த முடி எங்கிருந்து கிளம்புகிறது என்பது அந்த நொடியில் பளிச்சென்று தெரியும். நான் புதிதாக வருபவர்களுக்கு வெள்ளை ஐப்ரோ பென்சில் ஒன்று வாங்கிக் கொடுப்பேன். கிளம்பும் இடத்துக்குக் கீழே ஒரு நூல் விட்டு, நடுவில் ஒன்று, ஒவ்வொரு மூலைக்கும் முன்னால் ஒன்று என்று புள்ளி வைத்து, பிறகு புள்ளிகளைச் சேர்த்து மெல்லிசாகக் கோடு இழுக்கச் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். வெட்டிய முடியைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நடு எது என்பதை மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், பலருக்கு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு கண்ணின் உள்முனைகளுக்கு நடுவில் ஒரு புள்ளி எடுத்து அங்கிருந்து நேராக மேலே போங்கள். அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர், முதல் வெட்டு. சிலருக்கு நடுவில் முடி முக்கோணமாக இறங்கி நிற்கும். அதை மொத்தமாக எடுத்து நேராக்கச் சொல்லிக் கேட்பார்கள். எடுத்தால் மூன்று நாளில் அந்த முக்கோணம் மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். நுனியை மட்டும் லேசாக மழுங்கவிட்டு, இருக்கிற வளைவோடு சேர்த்துவிட்டால் அழகாகவே இருக்கும்.

நடுவைப் போட்ட பிறகு வலது பக்கம் ஒரு விரல் அகலம், பிறகு இடது பக்கம் ஒரு விரல் அகலம். மறுபடி வலது, மறுபடி இடது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். முழுசாக முடித்த பக்கத்தில் 1 மில்லிமீட்டர் தவறியிருந்தாலும், மறுபக்கத்தை அதற்கேற்ப இழுக்கத்தான் கை போகும்.

இங்கே பிளேடின் அகலம் ஒரு சிக்கல். டி பிளேடு கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் அகலம், நேரானது. நெற்றியோ உருண்டை. நடுவில் நெற்றி ஓரளவு தட்டையாக இருப்பதால் பிளேடு முழுவதும் படும். மூலையை நோக்கிப் போகப் போக நடுப்பல் மட்டும் தொடும், இரண்டு ஓரமும் காற்றில் நிற்கும். புதியவர்கள் ஓரமும் படட்டும் என்று அழுத்துவார்கள். அழுத்தினால் நடுப்பல் தோலில் பதிந்து சின்னப் பிறைபோல ஒரு வெட்டு விழும். அப்படி இரண்டு மூன்று பிறை வரிசையாக விழுந்தால் கோடு அலை அலையாக ஆகிவிடும். அதனால் புருவத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே வந்ததும் ட்ரிம்மரைச் சாய்த்து, பிளேடின் ஓரத்தில் இருக்கும் மூன்று நாலு பல்லால் மட்டும் வேலை செய்யுங்கள். கோலப்புள்ளி வைப்பது மாதிரி தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

மூலையில் தோல் தளர்வாக இருந்தால் இடது கைக் கட்டைவிரலால் முடிக்குள்ளே வைத்து லேசாக மேலே இழுத்துக்கொள்ளலாம். ஆனால் இழுத்த தோலில் கோடும் இழுபட்டிருக்கும். ஒரு தொடல், விரலை விடுதல், பார்த்தல், அப்புறம் அடுத்த தொடல். மூலை எவ்வளவு கூராக இருக்கலாம் என்பதை முடியின் அடர்த்திதான் சொல்ல வேண்டும். அடர்ந்த சுருட்டை முடிக்கு நல்ல கோணம் நிற்கும். மெல்லிய நேர்முடிக்கும், ஏறுநெற்றி தொடங்கிவிட்டவர்களுக்கும் கோணம் போட்டால், முடி எங்கே குறைந்திருக்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டியது போலாகும். அவர்களுக்கு மூலையைத் தொடாமல், வெளியே நிற்கும் ஒன்றிரண்டு நீள முடியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது

கிட்டத்திலிருந்து பார்த்து எதையும் திருத்தாதீர்கள். முதலில் மென்மையான பிரஷ்ஷால் நெற்றியைத் தட்டிவிடுங்கள். வெட்டுப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளே பாதிக் கோணலைக் காட்டும். பிறகு இரண்டு அடி பின்னால் போய், அவருக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் பாருங்கள். இவ்வளவு நேரம் நேரில் பார்த்துப் பழகிய முகம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதால், கண் புதிதாகப் பார்க்கும். நீளமான சீப்பை அவர் இரண்டு கருவிழிக்கும் இணையாகப் பிடித்து, மெல்ல மேலே நகர்த்தி இரண்டு மூலைக்கும் கொண்டுபோங்கள். எந்த மூலையை முதலில் தொடுகிறதோ அது இறங்கியிருக்கிறது. புருவத்தை அளவாக எடுக்க வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு ஒரு புருவம் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும்.

பெரும்பாலான தலைகளில் இரண்டு மூலையும் பிறவியிலேயே ஒன்றாக இருக்காது. 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம், ஓரடிக்கு அப்பாலிருந்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்குமேல் வித்தியாசம் இருந்தால் இறங்கியிருக்கும் பக்கத்தில் அதிகபட்சம் 1 மில்லிமீட்டர் எடுக்கலாம், அதுவும் அங்கே மெல்லிய முடி இருந்தால் மட்டும். மிச்சத்தை மூலையை வட்டமாக்கியும், சீவுகிற விதத்தாலும் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவைதான் திருத்தம். அதற்குமேல் கை போனால் என் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

போன வருடம் வைகாசியில் பாலக்கோட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். பன்னிரண்டு நாளில் அக்காவுக்குக் கல்யாணம். பத்து நாள் முன்பு வேறெங்கோ லைன் போட்டிருக்கிறான், வலது மூலை சுமார் 7 மில்லிமீட்டர் ஏறிப்போயிருந்தது. ஏற்றி வழித்த இடத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பி கம்பியாக முளைத்திருந்தது. “அண்ணா, இடது பக்கத்தையும் அதே அளவுக்கு ஏத்திடுங்க, போட்டோல ஒரே மாதிரி இருக்கணும்” என்றான். ஏற்றியிருந்தால் அன்றைக்குச் சமமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பத்து நாளில் இரண்டு பக்கமும் முளைத்து, கல்யாணத்தன்று நெற்றியின் இரண்டு ஓரத்திலும் கறை மாதிரி நின்றிருக்கும். மறுபடி வழித்தால் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இவனை விரிந்த நெற்றியோடு பார்த்திருப்பார்கள்.

முளைத்திருந்த 3 மில்லிமீட்டர் முடியை விரலால் தடவிப் பார்த்தேன். தடிப்பாக, நெருக்கமாக இருந்தது. ஆக அதுதான் அவனுடைய உண்மையான கோடு. அன்று நடுவில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குத் துப்புரவாக்கினேன். இடது மூலையில் கூராக இருந்த முனையை வட்டமாக்கினேன், அதுவும் ஓரப் பல்லால் நாலைந்து தொடல்தான். வலது பக்கம் ட்ரிம்மரே போகவில்லை. முன்முடி இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்ததால் வலது பக்கம் விழும்படி சீவிவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் வரச் சொன்னேன். பையனுக்கு அரை மனசுதான், ஆனாலும் கேட்டுக்கொண்டான்.

பதினோராவது நாள் வந்தான். வலது மூலையில் இருந்த 3 மில்லிமீட்டர் முடி சுமார் 7 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. நீளம் குறைவுதான், ஆனால் தோல் வெளியே தெரியவில்லை. முன்முடியை மேலே தூக்கிச் சீவினால் அடிவரிசை அதோடு சேர்ந்துகொண்டது. சீப்பைக் கருவிழிக்கு இணையாக வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள்தான். இரண்டு பக்கமும் கோட்டுக்கு வெளியே நின்ற துணுக்கை மட்டும் எடுத்தேன். மொத்தம் ஐந்து நிமிடம். கல்யாணப் போட்டோவைப் போனில் கொண்டுவந்து காட்டினான், மாலை போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் நிற்கிறான். நெற்றியைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

முடித்த பிறகு

சுத்தமான ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்து, கொஞ்சம் கற்றாழை ஜெல் தடவினால் போதும். வாசனை அதிகமுள்ள லோஷன் எரிச்சலைக் கூட்டும். எங்காவது ரத்தம் துளிர்த்தால் ட்ரிம்மரை அதோடு கீழே வைத்துவிடுங்கள். படிகாரக் கட்டியை நேராகத் தேய்க்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு, அதே கட்டி அடுத்தவர் தோலிலும் போவதால் அது ஆபத்து. படிகாரத்தைப் பொடித்து, பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரத்தம் பட்ட பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் நன்றாக ஊறவைத்த பிறகே அடுத்தவருக்கு எடுக்க வேண்டும்.

பைக்கில் வந்தவர் என்றால் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஹெல்மெட்டின் முன்பக்க ஸ்பாஞ்ச் சரியாகப் புதுக் கோட்டின் மேல்தான் உட்காரும். ஏப்ரல், மே வெயிலில் ஓசூர் வரை ஒரு மணி நேரத்துக்குமேல் போகிறவர்களுக்கு வேர்வையும் அந்த உரசலும் சேர்ந்து மறுநாளே கோடு நெடுக வேர்க்குரு மாதிரி பொரிந்துவிடும். துவைத்த பருத்திக் கைக்குட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு ஹெல்மெட் போடச் சொல்லுங்கள். ஸ்பாஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒரு தடவை துவைக்கட்டும். பொரிந்துவிட்டால் அது அடங்கும்வரை மறுபடி ட்ரிம்மர் வைக்கக்கூடாது.

இயற்கைக் கோட்டிலேயே போட்ட லைன் பத்திலிருந்து பதினான்கு நாள் வரை பார்க்கும்படி நிற்கும். மெல்லிய முடி மெல்லவே வெளியே தெரியும் என்பதால் அவசரப்பட்டு வர வேண்டியதில்லை. மூன்றாம் நாளே “அசிங்கமா தெரியுது” என்று ஒருவர் வந்தால், முன்பு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, முளைத்ததை வளரவிடச் சொல்லுங்கள்.

தனக்குத் தானே போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு: நடுவில் கட்டைவிரல் அகலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கை போகும் திசை நடுவில் அவ்வளவாகக் குழப்பாது. மூலைக்குப் போனால் ட்ரிம்மரைச் சாய்க்க வேண்டிய பக்கம் கண்ணுக்கு ஒன்றாகவும் கைக்கு வேறாகவும் தெரியும். மூலையை வேறொருவர் கையில் கொடுங்கள். அதுவரை அங்கே நிற்கும் நீள முடியைச் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் போதும்.